எழுபத்தேழாவது சதுரம்

எங்கள் ஊரில் கிழக்குத் தெருக்காரர்களுக்கும் என்னைப் பிடிக்காது, மேற்குத் தெருக்காரர்களுக்கும் பிடிக்காது. அதனால்தான் மாதாவின் துணியை வெட்டுவதற்கு என்னைக் கூப்பிட்டார்கள். கைத்திறமையைப் பார்த்துக் கூப்பிட்டார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான் எந்தத் தெருவுக்கும் சாதகமாகக் கத்தரி பிடிக்கமாட்டேன் என்பது இரு தரப்புக்கும் நன்றாகத் தெரியும்.

பிறந்தது கிழக்குத் தெரு. வாழ்க்கைப்பட்டது மேற்குத் தெரு ஜெனோவுக்கு. இரண்டு தெருவுக்கும் பேச்சுவார்த்தை இல்லாத காலத்தில் நாங்களாகவே செய்துகொண்ட கல்யாணம். அன்றிலிருந்து கிழக்கே போனால் “நீ மேற்குக்காரி” என்பார்கள், மேற்கே போனால் “கிழக்குக்காரிக்கு இங்க என்ன வேல?” என்பார்கள். நானும் ஜெனோவும் கடைத்தெருவில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். முன்னறையில் என் தையல் கடை. பிளவுஸ் தைக்க மட்டும் இரண்டு தெருப் பெண்களும் வருவார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு அளவு கொடுப்பார்கள்.

திருவிழாத் தேர்பவனியில் மாதாவின் சப்பரத்துக்கு மேலே கட்டும் நீலப் பட்டுத்துணியை, விழா முடிந்ததும் துண்டுகளாக்கித் தெருவுக்குப் பாதியாகக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். ஆண்கள் அதை மாதாவின் காவலாக வள்ளத்தின் முன்கொம்பில் கட்டிக்கொண்டு கடலுக்குப் போவார்கள். ஊரில் அந்த நீலம் இல்லாத வள்ளம் ஒன்றே ஒன்றுதான், ஜெனோவுடையது. கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு தெருவும் எங்களுக்குத் துண்டு தரவில்லை. “உன் தெருவுல போய்க் கேளு” என்பதே பதில். போன ஆடியில் வள்ளம் கவிழ்ந்து, ஒரு மண்ணெண்ணெய் கேனைப் பிடித்துக்கொண்டு கிடந்து கரை சேர்ந்தான். அதற்குப் பிறகு விடியலில் வள்ளத்தைத் தள்ளும்போது பக்கத்து வள்ளங்களின் கொம்பைப் பார்ப்பான். வாய் திறந்து கேட்கமாட்டான். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு அந்தத் துணியில் ஒரு துண்டு வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

போன வருஷம் பங்கு பிரித்தபோது கிழக்குக்காரர்கள் கொண்டுவந்த டேப் இழுபட்டு நீண்டுபோனது என்று மேற்குக்காரர்கள் சொல்ல, மேற்குக்காரர்களின் டேப்பில் முதல் இஞ்சே இல்லை என்று கிழக்குக்காரர்கள் சொல்ல, கடைசியில் குளச்சலில் இருந்து போலீஸ் வந்தது. சிலருக்கு நீளத் துண்டு, சிலருக்கு அகலத் துண்டு, மிஞ்சிய கந்தல் தரையில் மிதிபட்டது. அதனால் இந்த முறை பங்குச் சாமியார் பீடத்துக்கு முன்னால் இரு தரப்பையும் சத்தியம் செய்ய வைத்தார். எல்லாத் துண்டும் ஒரே அளவுச் சதுரமாக இருக்க வேண்டும். முடிந்த மட்டும் பெரிய சதுரமாக இருக்க வேண்டும். மந்திரித்த துணி, ஒரு நூல்கூட வீணாகக் கூடாது. இதோடு யாருடைய டேப்பும் உள்ளே வரக் கூடாது.

டேப் இல்லாமல் தையல்காரி எப்படி வெட்டுவாள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து பங்கு மண்டபத்துக்குப் போனேன். கிழக்குத் தெரு ஒரு பக்கம், மேற்குத் தெரு ஒரு பக்கம், நடுவில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டுத் துணியை விரித்திருந்தார்கள். கிழக்குக்குத் தலைவர் என் தாய்மாமன் ததேயு. மேற்குக்குத் தலைவர் என் மாமனார் பனியடிமை. எனக்கு இரண்டு பேரும் மாமாதான். இரண்டு பேரும் என்னை ரெஜிலா என்று பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகிறது.

“வெட்டச் சொல்லுங்க சாமி” என்றார் மாமனார், என்னைப் பார்க்காமல்.

“கை ஒரு பக்கமாச் சாஞ்சுதோ, அப்புறம் இருக்கு” என்றார் தாய்மாமன். அவரும் என்னைப் பார்க்கவில்லை.

பாவாடைக்குக் கோர்க்கும் வெள்ளை நாடாச் சுருள் ஒன்று கொண்டுபோயிருந்தேன். துணியின் நீளத்துக்கு ஒரு நாடா, அகலத்துக்கு ஒரு நாடா, எல்லோரும் பார்க்க வைத்து நறுக்கினேன். என் சதுரத்தின் ஒரு பக்கம் நீள நாடாவிலும் மிச்சமில்லாமல் அடுக்க வேண்டும், அகல நாடாவிலும் மிச்சமில்லாமல் அடுக்க வேண்டும். அப்படி ஓர் அளவு எங்கே இருக்கிறது?

பெரிசு வேண்டும் என்றார்களே, அகலத்தையே பக்கமாக வைத்துப் பார்ப்போம் என்று அகல நாடாவை நீள நாடாவின் மேல் வைத்தேன். ஒரு தடவை வைக்கலாம். அப்புறம் ஒரு மிச்சம் நீட்டிக்கொண்டு நின்றது. அதை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் உறைத்தது. இரண்டு நாடாவிலும் சரியாக அடுக்குகிற அளவு எதுவாக இருந்தாலும், நீளத்தில் இருந்து அகலத்தைக் கழித்தால் வருகிற இந்த மிச்சத்திலும் சரியாக அடுக்கத்தானே வேண்டும்? அப்படியானால் நீள நாடா எனக்கு எதற்கு? அகலமும் இந்த மிச்சமும் போதும். அகலத்தின் அளவை நீள நாடாவில் இருந்து கத்தரித்துத் தள்ளினேன்.

“ஏட்டி, என்ன செய்யுத? நாடாவ வெட்டவா கூப்பிட்டோம்?” கிழக்குப் பக்கத்தில் இருந்து ஒரு குரல்.

இப்போது அகல நாடாதான் பெரிது. மிச்சத்தை அதன் மேல் வைத்து, அந்த அளவைக் கத்தரித்துத் தள்ளினேன். அதைவிடச் சின்ன மிச்சம் வந்தது. மறுபடி இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். பெரிதில் இருந்து சின்னதின் அளவைக் கத்தரித்தேன். கையில் நின்றது ஒரு சாண் நாடா.

“இப்பிடிப் போனா கடைசில நூல்தான் மிஞ்சும்” என்றார் மாமனார். “வேணும்னே நறுக்குதா பாத்துக்கோ. நம்ம மாதா துணிய நாசமாக்கத்தான் இவ வந்திருக்கா.”

எனக்கும் உள்ளூரப் பயம்தான். அடுத்த மிச்சம் விரல் அளவு, அதற்கடுத்தது நக அளவு என்று போனால் இரண்டு தெருவும் சேர்ந்து என்னை உரித்துவிடும். ஒரு சாண் நாடாவை எடுத்து மற்றதன் மேல் வைத்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. முனையும் முனையும் ஒட்டி நின்றன. மிச்சம் இல்லை.

பத்தாம் வகுப்பில் லீலாபாய் டீச்சர் பலகையில் எழுதி எழுதிக் காட்டிய மீப்பெரு பொது வகுத்தி இதுதான் என்று புரிந்தது. அப்போது மார்க்குக்காக மனப்பாடம் செய்தேன். இப்போது அது என் விரலுக்கு நடுவில் தொங்குகிறது, ஒரு சாண் நாடாவாக.

“இதுதான் பக்கம்” என்றேன். “இதுக்கு மேல பெரிசு கிடையாது.”

“அத நீ எப்பிடிச் சொல்லுத?” தாய்மாமன் எழுந்தார்.

“ரெண்டு பக்கத்துலயும் மிச்சமில்லாம அடுக்குற அளவு எதுவானாலும், நான் வெட்டி வெட்டி எடுத்த ஒவ்வொரு மிச்சத்துலயும் அடுக்கணும். கடைசி மிச்சம் இது. இதுக்குள்ள அடுக்குறது இதவிடப் பெரிசா எப்பிடி இருக்கும்? நம்பிக்கை இல்லன்னா நீங்களே வச்சுப் பாருங்க.”

வைத்துப் பார்த்தார்கள். இரண்டு தெருவில் இருந்தும் ஆள் ஆளாக வந்து, அந்த நாடாவைத் துணியின் நீளத்தில் நகர்த்தி நகர்த்தி வைத்தார்கள். பதினொன்று. அகலத்தில் ஏழு. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யாரும் பாராட்டவில்லை. குற்றம் சொல்ல இடமில்லாமல் போனதே என்ற கடுப்புதான் எல்லா முகத்திலும்.

சாக்கால் கோடு போட்டு வெட்டினேன். பெஞ்சில் ஒரு துணுக்குகூட மிஞ்சவில்லை. சாமியார் எண்ணி எண்ணி இரண்டு பக்கமும் வைத்தார். கிழக்குக்கு முப்பத்தெட்டு, மேற்குக்கு முப்பத்தெட்டு. அவர் கையில் ஒன்று நின்றது.

பதினோரேழு எழுபத்தேழு. அந்த நிமிஷம் வரை நான்கூடப் பெருக்கிப் பார்க்கவில்லை.

மண்டபம் கொதித்தது. பாதியாக வெட்டச் சொன்னார்கள். “வெட்டினா சதுரம் போச்சு” என்றேன். எல்லாத் துண்டையும் நாலு நாலாக வெட்டினால் சரிசமமாகப் பிரியும் என்றான் ஒரு பையன். சரிதான், பிரியும். “முடிஞ்ச மட்டும் பெரிசுன்னு பீடத்துல கை வச்சது நீங்க” என்றேன். உள்ளங்கை அளவுத் துணியை எந்தக் கொம்பில் கட்டுவது என்று அவன் அப்பாவே அவனை அதட்டி உட்கார வைத்தார்.

“அப்போ எரிச்சிரலாம்” என்றார் மாமனார். “எங்களுக்கும் வேண்டாம், அவனுகளுக்கும் வேண்டாம்.”

“எரிச்சிரு” என்றார் தாய்மாமன் உடனே.

ஒருவன் கேனைப் பிடித்துக்கொண்டு நடுக்கடலில் கிடந்தான், இவர்கள் துணியைத் தீயில் போடுவார்களாம். “ஒரு நூல் வீணாகக் கூடாதுன்னு சத்தியம் பண்ணின வாய்தானே ரெண்டும்?” என்று கத்தினேன். சாமியார் தலையைக் குனிந்தார்.

மாமனாரின் குரல் திடீரென்று இளகியது. “எரிக்க வேண்டாம். அத ரெஜிலாக்குக் குடுங்க சாமி. அவ எங்க மருமவ. எங்க கணக்குல வச்சுக்குறோம்.”

“அதெப்படி?” தாய்மாமன் பாய்ந்து வந்தார். “எந் தங்கச்சி மவ. எனக்குத்தான் மருமவ. மக்கா, நீ கிழக்குத் தெரு பிள்ளதானே, சொல்லு!”

“எங்க வீட்டுக்கு வந்தவ!”

“எங்க வீட்டுல பிறந்தவ!”

மருமகள் என்று இரண்டு பேர் வாயிலும் அந்த வார்த்தையைக் கேட்க எத்தனை நாள் ஏங்கியிருப்பேன். ஜெனோ கரை சேர்ந்த அன்று ஒருவராவது வந்து அப்படிக் கூப்பிட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். இப்போது ஒரு துண்டுத் துணிக்காக, எதிரியைவிட ஒன்று கூடுதலாக வைத்திருக்க வேண்டும் என்பதற்காகக் கூப்பிடுகிறார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

சாமியாரின் கையில் இருந்து அந்தச் சதுரத்தை வாங்கினேன். மடித்து, நாடாச் சுருளோடு பைக்குள் வைத்தேன்.

“ரெண்டு தெருவுக்கும் சரிசமமாப் பிரிச்சாச்சு, மாமா” என்றேன். எந்த மாமா என்று அவர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும். “ரெண்டுலயும் சேராம மிஞ்சினது நான் ஒருத்திதான். எனக்குள்ளத நான் எடுத்துட்டுப் போறேன்.”

“திமிரு பிடிச்சவ” என்றார்கள் இரண்டு மாமன்களும், ஒரே நேரத்தில். அவர்கள் இருவருக்கும் பொதுவாக அந்த ஒன்றுதான் இருந்தது. சொன்ன பிறகு அவர்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான் திரும்பிப் பார்க்காமல் நேராகக் கடற்கரைக்கு நடந்தேன். ஜெனோ வலையை உதறிக்கொண்டிருந்தான். பையில் இருந்து துணியை எடுத்து வள்ளத்தின் கொம்பில் நானே கட்டினேன். அவன் வலையைக் கீழே போட்டுவிட்டு வந்தான்.

“எந்தத் தெருக்காரங்க தந்தாங்க?” என்று கேட்டான்.

“யாரும் தரல்ல” என்று சொல்லி, முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினேன்.