ஒன்று புள்ளி அறுபத்தொன்று

இருபத்திரண்டு வருட மில் வேலையை அப்பா விட்டது நான் போட்ட ஒரு கணக்கை நம்பி. அந்தக் கணக்கு தப்பு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு உண்டு. அப்பா ஃபிட்டராக இருந்த ராஜபாளையம் நூல் மில்லின் பேலன்ஸ் ஷீட் போன ஆவணியில் என் மேஜைக்கு வந்தது. வெளியே சொல்லக் கூடாதது. ஒரு கம்பெனி திவாலாகுமா என்று பார்க்கும் கணக்கை யாரும் கேட்காமலே உட்கார்ந்து போட்டேன். நடைமுறை மூலதனம், சேர்ந்த லாபம், வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம், விற்பனை, இந்த நான்கையும் மொத்தச் சொத்தால் வகுக்க வேண்டும். ஐந்தாவது, முதலாளிகளின் பங்கைக் கடனால் வகுப்பது. ஒவ்வொன்றையும் அதற்குரிய எடையால் பெருக்கிக் கூட்டினேன். 1.61. எல்லை 1.81. அதற்குக் கீழே என்றால் திவால் அபாயம்.

"மில்லு ரெண்டு வருசம் தாங்காதுப்பா. மத்தவங்களுக்கு முந்தி கணக்கை முடிச்சு வாங்கிருங்க."

"நல்லாத் தெரியுமாட்டி?"

"நம்பர் சொல்லுதுப்பா."

மறுநாளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன், பாதிச் சம்பளம்.

ஏழு மாதம் கழித்து, ஒரு தீப்பெட்டி கம்பெனிக்கு இதே கணக்கை நான் போட்ட தாளை ஆடிட்டர் வைகுண்டராஜ் சார் தூக்கிக் காட்டினார்.

"ஏம்மா கல்பனா, இவன் பங்கு மார்க்கெட்டுல ஓடுதா?"

"இல்ல சார்."

"பொறவு மார்க்கெட்டுல ஓடுற கம்பெனியோட எடையை எதுக்குப் போட்டே? இதுக்கு எடையும் வேற, எல்லையும் வேற. 1.23க்குக் கீழ போனாத்தான் அபாயம். 2.9க்கு மேல பத்திரம். நடுவுல உள்ளது கறுப்புமில்ல வெளுப்புமில்ல, சாம்பல்."

மில்லும் பங்குச் சந்தையில் இல்லாததுதான். மதியச் சாப்பாட்டைத் தொடாமல் மறுபடி போட்டேன். 1.51. எண் இன்னும் இறங்கியிருந்தது, எல்லை அதைவிட இறங்கியிருந்தது. சாம்பல்.

சாயங்காலம் மண்டபத்துக்குப் போனேன். அப்பா பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பம் மில்லு முங்காதா?"

"முங்கலாம், முங்காமயும் இருக்கலாம். சாம்பல்னா கணக்குக்கே தெரியலன்னு அர்த்தம்."

"தெரியலன்னு சொல்லிருந்தா நான் பாட்டுக்கு ஷிப்டுக்குப் போயிருப்பனே."

"நாளைக்கு மில்லு மேனேஜரைப் பாக்கேன்ப்பா. தப்பு எம்மேலன்னு சொல்லுதேன்."

"கிறுக்கச்சி. ஷீட்டை வெளிய சொன்னேன்னு ஒன் வேலையும் போகும். அங்க என் இடத்துல காண்ட்ராக்டுக்கு ஒருத்தன் வந்தாச்சு."

திட்டியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்துவதுதான் எனக்கு வரும். அவர் அடுத்த வரிசை நாற்காலிக்குப் போய்விட்டார். நான் இந்தப் பக்கத்திலிருந்து அடுக்கத் தொடங்கினேன்.