தாலியும் நகைதானே

குணலட்சுமிக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது வேகமாகக் கதைத்தால், விளங்கினாலும் விளங்காவிட்டாலும் "ஓம் ஓம்" என்று தலையாட்டிவிடுவாள். அந்தப் பழக்கம் அவளை இதுவரை பெரிய சிக்கலில் மாட்டிவிட்டதில்லை. கஸ்தூரியார் வீதியில் கனகலிங்கத்தின் நகைக்கடையில் சீட்டுக்குச் சேர்ந்த அன்றுதான் அது தன் வேலையைக் காட்டியது. காட்டியது அவளுக்குத் தெரிய வர மட்டும் ஒரு வருடம் பிடித்தது.

எண்பத்தாறாம் ஆண்டு மாசி மாதம் அது. மகன் சிவநேசனுக்குப் பெண் பேசி முடிந்திருந்தது. அடுத்த தையில் கலியாணம். தாலிக்கொடிக்கு அவளுடைய பழைய காப்புகள் இருந்தன. தாலிக்குத்தான் புதுப் பவுண் நாணயம் ஒன்று வேண்டும். பொன்னுருக்கலன்று மாப்பிள்ளை வீட்டில், பெண் வீட்டாரும் வந்திருந்து பார்க்க, பவுணை உருக்கித்தான் தாலிக்குக் கொடுப்பது. அரியாலையில் இடியப்பம் அவித்துத் தேநீர்க்கடைகளுக்குக் கொடுத்துச் சீவிக்கிறவள் பவுணை ஒரே மூச்சில் வாங்குவது எப்படி? "மாதம் மாதம் கட்டுங்கோ அக்கா, பன்னிரண்டாம் மாதக் காசு கடையின்ரை" என்று கனகலிங்கம் சொன்னது அவள் காதில் தேனாய் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் மூச்சு விடாமல் என்னென்னவோ சொன்னார். குணலட்சுமி "ஓம் ஓம்" என்றாள்.

கட்டுவதில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. ஒரு தவணை தவறினாலும் கடைக்காசு கிடையாது என்பது மட்டும் அவளுக்கு விளங்கியிருந்தது. ஐப்பசி மழையில் சீலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு போனாள். ஊரடங்கு என்றால் மறுநாள் விடிய முதல் ஆளாய் நின்றாள். அவளுடைய கணவர் நமசிவாயம் வெற்றிலைச் செலவைக் குறைத்துக்கொண்டார். அதாவது, குறைத்துக்கொண்டதாகச் சொன்னார்.

இவ்வளவு பாடும் எதற்கென்றால், குணலட்சுமியின் பொன்னுருக்கலுக்கு வந்தது இரவல் பவுண். தட்டில் வைத்து எல்லோருக்கும் காட்டியது பக்கத்து வீட்டுப் பவுண். சபை கலைந்ததும் அது பின்வாசலால் திரும்பிப் போய்விட்டது. நெருப்பில் போட்டது ஒரு உடைந்த தோட்டின் துண்டு. அவளுடைய மாமியார் அதை ஒரு நாளும் ஒளித்ததில்லை, சிரித்துச் சிரித்துச் சொல்லுவார். குணலட்சுமியும் கூடச் சிரிப்பாள். ஆனால் அந்தத் தாலியைத் தொடும்போதெல்லாம் அவளுக்கு அந்தப் பின்வாசல் நினைவு வரும். தன் மருமகளுக்கு அது வரக்கூடாது என்று நினைத்திருந்தாள்.

தை பிறந்தது. பொன்னுருக்கலுக்கு இரண்டு நாள் இருக்கையில், நல்ல சீலை ஒன்றை உடுத்திக்கொண்டு கடைக்குப் போனாள்.

"முதலாளி, என்ரை பவுணைத் தாருங்கோ."

கனகலிங்கம் கணக்குப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அக்கா கெட்டிக்காரி. நீங்கள் கட்டின ஒவ்வொரு தவணைக்கும் அந்தந்த நாள் விலைக்குப் பொன் பதிஞ்சிருக்கு. இப்ப விலை எங்கை நிக்குது தெரியுமோ? உங்களுக்கு அந்த ஏற்றம் ஒட்டேல்லை. கடைக் காசோடை சேர்த்து ஒரு பவுணும் மேலாலை ரெண்டு மஞ்சாடி எடைப் பொன்னும் வருது. என்ன நகை பாக்கிறியள்? சங்கிலியோ, சிமிக்கியோ?"

"நகை வேண்டாம். பவுணாய்த் தாருங்கோ. பொன்னுருக்கலுக்கு."

கனகலிங்கத்தின் முகம் மலர்ந்த மாதிரியே வாடியது.

"பவுணாய்க் குடுக்கேலாதே அக்கா. செய்த நகைதான் குடுக்கலாம். சேரேக்கையே சொன்னனான்."

"எப்ப சொன்னனீங்கள்?"

"நீங்கள் ஓம் ஓம் எண்டனீங்கள்."

குணலட்சுமிக்குக் காது சுட்டது. சொல்லியிருப்பார், சந்தேகமில்லை. மனிசன் பொய்காரனும் இல்லை. ஆனால் கடைக்காசைப் பற்றிச் சொன்னபோது சொல்லுச் சொல்லாய் நிறுத்திச் சொன்னவர், மிச்சத்தைத் தண்டவாளத்தில் போகிற மெயில் மாதிரி அல்லவா ஓட்டினார்!

"அப்ப காசாய்த் தாருங்கோ. வேறை இடத்திலை பவுண் வாங்கிறன்."

"காசெண்டால் நீங்கள் கட்டினது மட்டும்தான். கடைக் காசும் இல்லை, விலையேற்றமும் இல்லை. அந்தக் காசுக்கு இண்டைக்குப் பவுண் வராது அக்கா." அவர் குரலைத் தணித்தார். "உள்ளதைச் சொல்லுறன். நகையெண்டால் செய்கூலி இருக்கு, சேதாரம் இருக்கு. அதிலைதான் அந்தப் பன்னிரண்டாம் மாதக் காசை நான் எடுக்கிறது. வெறும் பவுணாய்க் குடுத்தால் என்ரை கையைக் கடிக்கும்."

கோபம் வந்தாலும், உள்ளதைச் சொன்னாரே என்று ஒரு பக்கம் மனம் இளகியது. ஆனால் இளகி என்ன பயன்? நாளை மறுநாள் பெண்ணின் தாய் பாலேஸ்வரி பெரிய மூக்குத்தியும் பெரிய கண்களுமாய் முன்வரிசையில் வந்து இருப்பாள்.

"ஒரு வெறும் வளையத்தை எடுத்துக்கொண்டு போய் உருக்குங்கோவன்" என்றார் கனகலிங்கம்.

"எங்கடை வீட்டு நகையெல்லாம் செய்யிற கதிரவேலுப் பத்தரை உங்களுக்குத் தெரியாது. ஒட்டுறதுக்குப் பொடி வைச்சு ஊதின கலப்பு நகையை உருக்கித் தாலி செய்யச் சொன்னால் குறட்டாலை எனக்கு அடிப்பார்."

அந்தப் பேரைக் கேட்டதும் கனகலிங்கம் ஏனோ மேசையைத் துடைக்கத் தொடங்கினார். மேசையில் தூசி ஒன்றும் இல்லை.

"அப்ப தெரிஞ்ச ஆரிட்டையும் ஒரு பவுணை இரவலாய்..."

"அந்தக் கதை வேண்டாம்!" என்று குணலட்சுமி போட்ட போட்டில், கண்ணாடிப் பெட்டிக்கு முன் மோதிரம் பார்த்துக்கொண்டிருந்த பெடியன் மோதிரத்தைக் கீழே விட்டான். அவளுக்கே வெட்கமாகிவிட்டது. கதிரையில் அமர்ந்து, கடையில் தந்த தேத்தண்ணியைக் குடித்தாள். குடிக்கக் குடிக்க மூளை ஓடியது. செய்த நகை. செய்த நகை. சரி, எது நகை?

"முதலாளி, ஒண்டு கேக்கிறன். தாலியும் நகைதானே?"

"பின்னை? நகையிலை முதல் நகை அதுதான்."

"அப்ப எனக்குத் தாலி செய்து தாருங்கோ. சீட்டுக்கு நான் எடுக்கிற நகை அதுதான். செய்கூலியும் தாறன், சேதாரமும் தாறன். நீங்கள் எப்பிடியும் ஆரோ ஒரு பத்தரிட்டைப் பவுணைக் குடுத்துத்தானே செய்விப்பியள்? அந்த ஆள் அந்தப் பவுணை எங்கடை வீட்டிலை வந்து, எங்கடை நேரத்துக்கு உருக்கட்டும். பவுண் என்ரை கைக்கு வராது. உங்கடை ஆளின்ரை கையிலைதான் இருக்கும்."

கனகலிங்கம் கணக்குக் கொப்பியை மூடினார். இருபது வருட வியாபாரத்தில் இப்படி ஒருத்தி அவருடைய நிபந்தனையைக் கொண்டே அவரைக் கட்டிப்போட்டதில்லை. அதில் ஓட்டை இருக்கிறதா என்று நாலு பக்கமும் பார்த்தார். இல்லை.

"செய்யலாம்தான் அக்கா" என்றார் மெதுவாக. "ஆனால் தாலிக்குச் சங்கிலி மாதிரிச் சேதாரம் வராது. அதுக்கு, மேலாலை வந்த அந்த ரெண்டு மஞ்சாடி போதும். ஆர் உருக்கிறது எண்டதுதான்..."

"அதுதான் எனக்கும் கரைச்சல். கதிரவேலுப் பத்தர் இருக்கேக்கை வேறை ஆள் எங்கடை வீட்டிலை உமி நெருப்பு மூட்டினால், அவர் இந்தக் கலியாணத்துக்கே வரமாட்டார். கடைக்காரருக்கு வேலை செய்யிறவனெல்லாம் பத்தரோ எண்டு கேக்கிற மனிசன் அவர். கடைப்படியே மிதியார்."

அப்போது கடையின் உள்ளறையிலிருந்து ஒரு தும்மல் கேட்டது. முதலில் சின்னதாய் ஒன்று, பிறகு நடுத்தரமாய் ஒன்று, கடைசியில் தட்டுமுட்டெல்லாம் அதிர ஒன்று. மூக்குப்பொடித் தும்மல். அரியாலையில் மூன்று ஒழுங்கைக்கு அந்தத் தும்மல் தெரியும்.

குணலட்சுமி தேத்தண்ணிக் கோப்பையை வைத்தாள்.

"பத்தர்?" என்றாள் உள்ளறையைப் பார்த்து.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. கனகலிங்கம் துடைத்த மேசையையே திரும்பவும் துடைத்தார்.

"வெளியிலை வாங்கோ பத்தர். நான் ஒருதருக்கும் சொல்லேன்."

வேட்டியைச் சரிசெய்தபடி கதிரவேலுப் பத்தர் வெளியே வந்தார். கையில், செய்து முடித்து ஒப்படைக்கக் கொண்டுவந்த சிமிக்கிகள். எட்டு வருடமாக இந்தக் கடைக்குச் சங்கிலியும் சிமிக்கியும் செய்து கொடுக்கிறவர் இவர்தான். ஊரில் மட்டும் கடை நகையைக் கண்டால் முகத்தைச் சுழிப்பார்.

"காலம் அப்பிடி, பிள்ளை" என்றார் நிலத்தைப் பார்த்து. பிறகு நிமிர்ந்து, "ஆனால் என்ரை வேலையிலை ஒரு குறை சொல்லட்டும் பாப்பம்!" என்று கனகலிங்கத்தை முறைத்தார்.

குணலட்சுமிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவள் சிரிக்க, கனகலிங்கம் சிரிக்க, கடைசியில் பத்தரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்போடே கனகலிங்கம் இரும்புப் பெட்டியைத் திறந்து, ராணி தலை பொறித்த பவுண் ஒன்றை எடுத்துத் தராசில் வைத்து, வழமைபோலப் பத்தரிடம் நிறுத்துக் கொடுத்தார்.

பொன்னுருக்கலன்று வீடு நிறைந்த சனம். பெற்றோல் வராத காலம், எல்லோரும் சைக்கிளில்தான் வந்தார்கள். வேலி நெடுகச் சைக்கிள். பத்தர் புது வேட்டியில் பெரிய மிடுக்கோடு இருந்தார். தட்டில் இருந்த பவுணை எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள். பாலேஸ்வரி அதைக் கையில் எடுத்தே பார்த்தாள். பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்று குணலட்சுமி பக்கத்தில் நின்றாள். நேரம் வந்ததும் பத்தர் பவுணைக் குகை என்ற மண்கிண்ணத்தில் இட்டு, ஊதுகுழலால் ஊதினார். ராணியின் தலை மெல்லக் கரைந்து, பொன் திரண்டு, உடைத்து ஊற்றிய முட்டையின் மஞ்சட்கரு போல மினுங்கியது. யாரும் பின்வாசல் பக்கம் போகவில்லை. போவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

"நல்ல பவுண்" என்றாள் பாலேஸ்வரி. "ஆரின்ரை?"

"எங்கடை" என்றாள் குணலட்சுமி.

அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவள் ஒரு வருடம் இடியப்பம் பிழிந்திருந்தாள். கண் நிறைந்தது. புகை என்று சொல்லி மூக்கைத் துடைத்தாள். நமசிவாயம் தன் சால்வையை நீட்டினார்.

பலகாரம் பரிமாறும்போது, அழைப்புக்கு வந்திருந்த கனகலிங்கத்தின் முன் அவள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"முதலாளி, வாற மாதம் திரும்பவும் சீட்டுக்குச் சேரப்போறன். பேரப்பிள்ளையின்ரை கழுத்துக்குப் பஞ்சாயுதம் செய்ய."

அங்கால் நின்ற மாப்பிள்ளை சிவநேசன் வாயில் போட்ட பயற்றம் பணியாரத்தை விழுங்க முடியாமல் விக்கினான்.

"அதுக்கென்ன அக்கா, சேருங்கோ. பன்னிரண்டாம் மாதக் காசு கடையின்ரை..."

"அது எனக்குத் தெரியும்" என்றாள் குணலட்சுமி. "அதுக்குப் பிறகு ஓட்டமாய்ச் சொல்லுவியளே, அதைச் சொல்லுங்கோ. ஆறுதலாய்ச் சொல்லுங்கோ. முடிய நான் யோசிச்சுத்தான் ஓம் சொல்லுவன்."