எட்டரைச் சுற்றுத் தூரம்

மண்ணாங்கட்டிக்கு வாய் மட்டும் கொஞ்சம் அடங்கியிருந்தால் அக்கா மகள் எழிலரசி காலை ஏழு மணி பஸ்ஸிலேயே கர்னாலுக்குப் போயிருப்பாள். "தில்லியில பதினஞ்சு வருசமா வண்டி ஓட்டுறேன். மாமன் இருக்கறப்ப உனக்கு எதுக்கு பஸ்ஸு?" என்று அவன்தான் அவளுடைய பெட்டியைத் தூக்கித் தன் ஆம்னி வேனில் போட்டான்.

திருவண்ணாமலையிலிருந்து சென்னை வந்து அவள் பிடித்த தில்லி ரயில் ஒரு நாள் தாமதம். அவளுக்குத் தில்லிக்கு வடக்கே கர்னால் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அன்று பகல் பன்னிரண்டுக்குள் போய்ச் சேராவிட்டால் வேலை அடுத்த பெயருக்குப் போய்விடும்.

அது 2003, மே மாதம். அவன் வேன் ஓடுவது சி.என்.ஜி. கேஸில்; தில்லியில் கேஸ் பம்ப் என்றாலே வரிசைதான். அன்றைக்கு இரண்டு மணி நேரம் நின்றார்கள். பின்னாலிருந்த சிலிண்டரைப் பார்த்த எழிலரசி, "அறுபது லிட்டர்னு போட்டிருக்கே மாமா, எங்கயோ போகுமே" என்றாள்.

"அது தண்ணி ஊத்துனா புடிக்கிற அளவும்மா. கேஸுக்குக் கிலோ கணக்கு. ஒரு கிலோ, ஒரு கிரிவலம்."

அடி அண்ணாமலைக்காரனுக்குத் தூரம் என்றால் மலையைச் சுற்றும் பதினாலு கிலோமீட்டர்தான். தில்லி நெரிசலில் வண்டியும் கிலோவுக்குச் சரியாக அதையே கொடுத்து வந்தது. பம்பிலிருந்து கர்னால் நூற்றுப் பதினெட்டு, எட்டரைச் சுற்று.

முறை வந்தது. அழுத்தம் காட்டும் முள் இருநூறைத் தொட்டது, ரசீதில் விழுந்ததோ ஆறரைக் கிலோ. ஏற்கெனவே மிச்சமிருந்தது ஒரு கிலோ. ஆக மொத்தம் ஏழரை, ஒரு சுற்றுக் குறை. வெயிலில் சூடாக ஏறிய கேஸ் முள்ளைத் தூக்கிக் காட்டும், ஆறினால் இறங்கிவிடும் என்று அவனுக்குத் தெரியும். இன்னொரு முறை வரிசையில் நிற்க நேரமில்லை. பெட்ரோலுக்கு மாற்றலாமென்றால், இரண்டு வருடம் கேஸிலேயே ஓட்டியதில் வண்டிக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பின் ரப்பர் காய்ந்து விரிசல் விட்டிருந்தது. உண்மையைச் சொல்லி இறக்கிவிடலாம்தான். நாக்கு எழவில்லை. வண்டியை எடுத்தான்.

மணி ஒன்பது. அரை மணியில் முள் நூற்றெழுபதுக்கு இறங்கிவிட்டது. எழிலரசி ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தாள். அவன் எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினான். வேகமாக ஓட்டினால் கேஸ் குடிக்கும், மெதுவாகப் போனால் நேரம் போகும். ஐம்பதிலேயே பிடித்தான். கண்ணாடியை ஏற்றினால் வேகும், இறக்கினால் காற்று வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் என்று பயம். ஏற்றியே வைத்தான். தன் வண்டிக்குள்ளேயே மூச்சு முட்டியது அவனுக்கு. இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது, அதற்கும் வழியில்லை.

ஐம்பத்தொன்பதாவது கிலோமீட்டரில் ஓரங்கட்டினான். முள் நூற்றைந்தைக் காட்டியது.

"என்ன மாமா?"

"கேஸு கம்மிம்மா. அப்பவே தெரியும், நான் சொல்லல." ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே பேசினான். "இனிமே வழியிலயும் கர்னால்லயும் பம்பு கெடையாது. இப்பத் திரும்புனா தில்லி எல்லையில இருக்கற பம்புக்காவது போயிடலாம்."

"போனா?"

"பன்னெண்டு தாண்டிடும்."

அவள் கோபப்படவில்லை. அதுதான் அவனை அதிகம் சுட்டது. முள்ளையும் கிலோமீட்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பாதி தூரம் வந்துட்டோம். முள்ளு பாதிக்கு மேல நிக்குது. அப்புறம் எப்படிப் பத்தாது?"

மண்ணாங்கட்டி விழித்தான். ஏழரைக் கிலோவில் பாதிகூடத் தீரவில்லை. அதற்குள் ஐம்பத்தொன்பது வந்திருந்தது. பதினாலு என்பது நெரிசலில் நின்று நின்று போன கணக்கு. நேர் ரோட்டில் ஒரே வேகத்தில் போனால் கிலோவுக்குப் பதினாறு, பதினேழு. பதினைந்து வருடமாக அவன் தில்லியைத் தாண்டியதே இல்லை. பீற்றிக்கொண்டது மட்டும்தான் தாண்டியிருந்தது.

"முள்ளு அடில நின்னா கடைசிக் கேஸு வராதும்மா. ஜாஸ்தி நம்பாத."

"போங்க மாமா" என்றாள்.

நூறாவது கிலோமீட்டரில் முள் முப்பதுக்குக் கீழே. நூற்றுப் பத்தில் பதினைந்து. கர்னால் ஊருக்குள் நுழைந்ததும் வண்டி இருமியது. ஆஸ்பத்திரி வாசலுக்கு இருபது அடி முன்னால் அணைந்தது. மணி பதினொன்றே முக்கால். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் ஓடினாள்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது சட்டையில் பெயர்ச்சீட்டு குத்தியிருந்தது. அவன் வண்டி நிழலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"சேந்துட்டேன் மாமா. நாளைக்குத்தான் டூட்டி." பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "இங்க கேஸு கெடையாதே. எப்படித் திரும்பிப் போவீங்க?"

"நடுவழியிலயே அது தெரியும்" என்றான்.

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

அவன் எழுந்து வண்டியின் கதவைத் திறந்தான். ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்து, தோளைக் கதவுக் கம்பத்தில் முட்டுக் கொடுத்தான்.

"எட்டரைச் சுத்துதானே. நம்ம ஊர்ல நடந்துதானே சுத்துவோம்" என்று சொல்லிவிட்டு, தில்லிப் பக்கமாகத் தள்ளத் தொடங்கினான்.

எழிலரசி பெயர்ச்சீட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பின்னால் வந்து கை வைத்தாள்.