பெயரை மட்டும் அடித்த பதிவு

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஆலோசகர் வேலைக்கு ஜாஸ்மின் அனுப்பிய விண்ணப்பத்தை, பணியாளர் பிரிவு முபஷ்ஷிரா விளம்பரத்தோடு ஒப்பிட்டாள். உளவியலில் முதுகலைப் பட்டம் இருந்தது. மூத்த ஆலோசகரின் மேற்பார்வையில் ஓராண்டு பயிற்சி பெற்றதற்குக் கடிதமும் இருந்தது. கவனமாகப் பதிவெழுதத் தெரியும் என்று காட்ட, பாவி, தன்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருத்தியின் நிஜப் பதிவையே இணைத்திருந்தாள். பெயரை மட்டும்தான் அடித்து மறைத்திருந்தாள். திமிரி, தையல் வேலை, இரட்டைப் பெண் குழந்தைகள், மூவருக்குமாக அரளி விதை அரைத்த நாள், எல்லாம் அப்படியே இருந்தன. திமிரியிலிருந்து இந்தக் கம்பெனிக்குத் தைக்க வரும் இரட்டையரின் தாய் சுகுணா ஒருத்திதான்.

"எல்லாம் இருக்குல்ல, இன்னா யோசனை?" என்றார் மேலாளர் புகழேந்தி.

"ஜாஸ்தியா இருக்கு சார். இவங்க வேணாம்."

மதியம் சுகுணா மிட்டாய் நீட்டினாள். "பொண்ணுங்களுக்குப் பொறந்தநாள் மேடம்."

முபஷ்ஷிரா ஒரு கையால் மிட்டாயை வாங்கிக்கொண்டு, மறு கையால் மேசையிலிருந்த விண்ணப்பத்தைக் கவிழ்த்து வைத்தாள்.