பெரியப்பா மேல் விழுந்த வெளிச்சம்

புது பேக்கரியின் எதிர்ச் சுவரில் தன் படம்தான் இருக்க வேண்டும் என்று பெரியப்பா சொன்னபோது, வேண்டாம் என்று சொல்லக் குடும்பத்தில் யாருக்கும் வாய் வரவில்லை. கடையை வடிவமைத்த பெண் மட்டும் மல்லுக்கு நின்றாள்.

"ஐயா, கதவைத் திறந்ததும் கண்ணு அங்கதான் போகும். அங்க ரொட்டி இருக்கணும். மஞ்சள் விளக்கு பட்டாதான் பொன்னா தெரியும். அதைப் பாத்து உள்ள வந்து, அலமாரியோரமா நடந்து, கடைசியா கல்லாவுக்கு வருவாங்க. வெளிச்சம்தான் ஆளைக் கூட்டிட்டுப் போகும்."

"என்கிட்ட கூட்டிட்டு வரட்டும். கடைக்கு முகம் வேணும்னு நீதானேம்மா சொன்னே? இந்தக் குடும்பத்து முகம் நான்தான்."

கரும்பச்சைச் சுவரில், கறுப்புச் சட்டத்துக்குள், ஆளுயரப் பெரியப்பா. மூன்று மஞ்சள் விளக்குகளும் அவர் மேல். ரொட்டிகள் பக்கச் சுவரில், வெள்ளை டியூப்லைட்டின் கீழ்.

திறப்பு நாளன்று சிரித்துக்கொண்டே நுழைந்தவர்கள் படத்தைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்கள். தொப்பி போட்டிருந்தவர்கள் அதைக் கழற்றினார்கள். கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றுவிட்டு, ஓசைப்படாமல் வெளியேறினார்கள்.

கல்லாவருகே நின்ற பெரியப்பாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "நம்ம குடும்பத்து மரியாதையைப் பாத்தியா?"

"மரியாதை இருக்கு பெரியப்பா. வியாபாரம்தான் இல்லை," என்றாள் கடைக்காரியான தம்பி மகள்.

அடுத்து வந்த அம்மாள் வெளியே ஓடிப்போய் வெள்ளைப் பூங்கொத்து வாங்கிவந்து படத்தடியில் வைத்தாள். பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணனா? அச்சு அசல் உங்க ஜாடை."

"அது நான்தான்."

"ஆமாங்க," என்றாள் அவள் கண் கலங்கி. "இனிமே எல்லாருக்கும் நீங்கதான் அவரா இருக்கணும்."

அவள் போனதும் பெரியப்பா பக்கச் சுவரைப் பார்த்தார். விடியலில் பொன்னாக வெந்த ரொட்டிகள் அந்த வெள்ளை வெளிச்சத்தில் சாம்பல் பூசினாற்போல் கிடந்தன. தம்பி மகள் மாவு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள்.

"சாயங்காலத்துக்குள்ள போகலேன்னா எல்லாம் காஞ்சிடும். மொத நாளே இழவு வீடுன்னு பேர் வாங்கின கடைக்கு நாளைக்கு யாரு வருவா?"

கூனாத முதுகோடு பெரியப்பா படத்தருகே போனார். "ஏணியைக் கொண்டா. யாரும் தொட வேண்டாம். என்னை நானே இறக்கிக்குவேன்."

படத்தை மாவு அறைக்குக் கொண்டுபோய், மூட்டைகளைப் பார்த்தபடி நிறுத்தினார். மூட்டைகளையாவது யாரேனும் மேய்க்க வேண்டும். படம் இருந்த சுவரில் பலகை மாட்டும் கொக்கிகள் தயாராக இருந்தன, வடிவமைத்தவள் முன்யோசனைக்காரி. பலகைகள் ஏறின, ரொட்டிகள் ஏறின. திறப்புக்கு வந்திருந்த அவளே விளக்குகளைக் கூரைக் கம்பியில் நகர்த்தி, ரொட்டியின் நெற்றியில் படும்படி சாய்த்தாள். சுவர் முழுக்கப் பொன்.

தெருவில் போனவர்கள் கண்ணாடியில் முகம் பதித்து நின்றார்கள். பிறகு நுழைந்தார்கள். அலமாரியோரமாகக் கல்லாவரை வரிசை வளைந்தது.

வரிசையில் பூங்கொத்து அம்மாளும் இருந்தாள். சுவரில் படத்தைத் தேடிவிட்டு, பெரியப்பாவிடம் குரல் தாழ்த்தினாள்.

"அடக்கம் பண்ணியாச்சா?"

பெரியப்பா மேல்பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

"ஆச்சும்மா. ரொட்டி எத்தனை?"