முதல் பட்டன்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் குடுக்கை. அவசரக்குடுக்கை என்பதன் சுருக்கம். வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

அவர்கள் செய்த வீடியோ கேமில் சேமிப்புப் பக்கம் ஒன்று உண்டு. 'சேமித்தாயிற்று' என்று ஒரு பெட்டி எழும். 'சரி' அமுக்கினால் மறையும். மறையும்போது, எந்தப் பட்டன் தேர்வாகியிருக்கிறது என்று காட்டும் வெளிச்சத்தையும் கூடவே கொண்டுபோய்விடும், அடியிலுள்ள பட்டனுக்குத் திருப்பிக் கொடுக்காது. மவுஸ்காரர்கள் சொடுக்கிப் பிழைத்துக்கொண்டார்கள். கையில் பிடித்தாடும் கேம்பேடில் வெளிச்சத்தை நகர்த்தித்தான் எதையும் அமுக்க முடியும்; கேம்பேடுகாரர்கள் கதி அதோகதி.

புரோகிராமரான குடுக்கை அரை மணியில் மருந்து கண்டாள்: எதிலும் வெளிச்சம் இல்லாதபோது எதை அமுக்கினாலும், பட்டியலின் முதல் பட்டனைத் தேர்ந்தெடு. ஒருமுறை அமுக்கினாள், எங்கோ வெளிச்சம் வந்தது. போதும் என்று எழுந்துவிட்டாள். புதிய பதிப்பு நான்கு மணிக்குத் தானாகவே எல்லோருக்கும் போக ஏற்பாடானது.

மூன்று ஐம்பதுக்கு, கேமைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் அண்ணன் கூப்பிட்டார்.

"பட்டன் வேலை செய்யலேன்னா ஜனங்க ஒருதடவையாம்மா அமுக்குவாங்க?"

படபடவென்று அமுக்கிக் காட்டினார். முதல் அமுக்கில் வெளிச்சம் வந்தது. இரண்டாவதில் 'அழிக்கவா?' என்று கேட்டது. மூன்றாவதில் எண்பது மணி நேரம் ஆடிச் சேமித்தது காணாமல் போனது, இணையத்தில் இருந்த நகலும் சேர்ந்து.

திரையில் கடைசியில் தெரியும் 'அழி' பட்டனைப் புரோகிராமின் பட்டியலில் முதலாவதாக எழுதியவள் அவள்தான். 'அழிக்கவா?' பெட்டியிலும் முதலில் நின்றது 'ஆம்'.

"யாரால நிறுத்த முடியும்?" என்று கேட்டாள்.

"முதலாளி மட்டும்தான். உள்ள பணம் போடுறவங்களோட இருக்காரு."

அவர்கள் முன்னால் சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் ஊரார் ஆட்டமெல்லாம் போய்விடும். கால் பின்ன ஓடினாள்.

கண்ணாடிக் கதவைத் திறந்தபோது முதலாளி கையில் கேம்பேட், புதிய பதிப்பை அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். பெட்டி மறைந்தது. ஒரு பட்டனிலும் வெளிச்சமில்லை. அவர் ஒருமுறை அமுக்கினார்.

"பாத்தீங்களா, வந்துடுச்சு! நம்ம பொண்ணு அரை மணியில சரிபண்ணிட்டா." கட்டைவிரல் மறுபடி இறங்கியது.

"சார், அமுக்காதீங்க!"

அறையே திரும்பிப் பார்த்தது.

"அது... அழிக்கிற பட்டன் சார். நான் ஒருதடவைதான் அமுக்கிப் பாத்தேன், என் தப்பு. நாலு மணிக்குள்ள நிறுத்தலேன்னா எல்லாரோட ஆட்டமும் போயிடும்."

முதலாளி திரையைப் பார்த்தார், 'அழிக்கவா?' என்று கேட்டுக்கொண்டிருந்தது. முகம் வெளுத்தது. மடிக்கணினியை இழுத்துக் கடவுச்சொல் அடித்தார், தவறு. இன்னொரு முறை. மூன்று ஐம்பத்தெட்டுக்கு 'வெளியீடு நிறுத்தப்பட்டது' என்று வந்தது.

முதலாளி கேம்பேடை மெல்ல மேசையில் வைத்தார்.

"வந்து சொன்னதுக்கு நன்றிம்மா," என்றார், குரலை உயர்த்தாமல். "ஒருதடவை மட்டும் அமுக்கிப் பாத்ததப் பத்தி, இவங்க போனதும் பேசலாம்."

திட்டியிருந்தால்கூட இவ்வளவு பயமாக இருந்திருக்காது.