இடுப்பில் வைத்த கை

ஷர்வரி கானிட்கரின் கச்சேரிகளுக்குப் பதினொரு வருஷமாக முன்னுரை எழுதிக் கொடுப்பவள் நலினி துமால். மராத்தி பக்திப் பாட்டான அபங்கம் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஷர்வரி மைக்கில் பேசும் நாலு வாக்கியம் நலினியுடையது. நாற்பது விநாடியைத் தாண்டக்கூடாது. உச்சத்தில் பாடி முடித்தவளுக்கு மூச்சு வாங்கும் என்பதால் முதல் வாக்கியம் குட்டியாக இருக்க வேண்டும். பாட்டில் வரும் பழைய சொல் ஒன்றுக்கு அர்த்தம் சொல்லலாம், ஆனால் பாட்டின் கடைசி அடியை முன்னாலேயே சொல்லிவிடக்கூடாது. கடைசிச் சொல் விழுந்ததும் ஆர்மோனியக்காரர் சுருதியை எடுப்பார். அதனால் அந்தச் சொல்லை மட்டும் மாற்றவே கூடாது.

ஆஷாட ஏகாதசிக் கச்சேரிக்கு ஆறாவதாக விட்டலசாமியோடு சண்டை போடும் அபங்கம். அதற்குத் தபலா போய், மிருதங்கம் மாதிரியான பக்வாஜ் வரும். அதன் இடது முகத்தில் கோதுமை மாவை அப்பிச் சுருதி சேர்க்க ஒன்றரை நிமிஷமாவது ஆகும்.

"அந்த நேரத்த ரொப்பணும்க்கா. சும்மா தத்துவமா வேணாம், ஜனங்க செல்போனை எடுத்துடுவாங்க," என்றாள் ஷர்வரி.

ஒரு வாரம் ஒன்றும் வரவில்லை. பிறகு, யாரிடமும் சொல்லாததை நலினி எழுதினாள். அவள் கணவன் அவினாஷ் கிடந்த வார்டின் சுவரில் ஒரு காலண்டர், அதில் இடுப்பில் கைவைத்து நின்ற விட்டலன். அவினாஷுக்கு ஒரு வாய் பருப்புசாதம் இறங்காத அன்று, டப்பாவை மூடிவிட்டுப் படத்தைப் பார்த்துக் கேட்டாள்: 'ரெண்டு கையும் சும்மாதானே இருக்கு? ஒண்ணை எடுத்து இவன் நெத்தியில வைக்கக் கூடாதா?'

எழுதும்போது 'ஒரு பெண்' என்றே எழுதினாள். 'நெற்றி' என்பதுதான் கடைசிச் சொல். வாய்விட்டுப் படித்து, கடிகாரம் பார்த்து, இரண்டு இடத்தில் மூச்சுக்குக் கோடு போட்டுக் கொடுத்தாள்.

ஏகாதசியன்று அரங்கம் நிறைந்திருந்தது. நலினியின் பக்கத்தில் அவினாஷின் தங்கை குசும். அண்ணன் போன நாளில் நலினி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பதை ஆறு வருஷமாகச் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவருபவள்.

ஐந்தாவது பாட்டு முடிந்தது. மேடையில் மாவு பிசைந்தார்கள். ஷர்வரி தம்பூராவை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"எங்கப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்போ," என்று ஆரம்பித்தாள்.

அவள் அப்பா வீட்டில் தூக்கத்திலேயே இறந்தவர். நலினி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். காலண்டர் வந்தது, டப்பா வந்தது. கோடு போட்ட இடத்திலெல்லாம் ஷர்வரி சரியாக நிறுத்தினாள். நெற்றி என்றபோது குரல் உடைந்தது, ஆர்மோனியம் எழுந்தது, அரங்கமே மூக்கை உறிஞ்சியது.

குசும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "பாத்தீங்களா அண்ணி, பாசம்னா இதான். பெத்தவருக்காகக் கடவுளையே கேட்டிருக்கா. நீங்க அண்ணன் பக்கத்துல கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்க."

"அது நான் எழுதினது குசும். உங்கண்ணனுக்காக நான் கேட்டது."

குசும் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வேற எதுலயாவது பங்கு கேளுங்க அண்ணி. அடுத்தவங்க அப்பா சாவுலயா?"

இடைவேளையில் நலினி மேடைக்குப் பின்னால் போனாள். ஷர்வரி விரதத்துக்கான ஜவ்வரிசிக் கிச்சடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"'ஒரு பெண்'னுதான எழுதியிருந்தேன்?"

"யாரோ ஒருத்தின்னா யாருக்கு அழுகை வரும்? பாடறவ வாயில 'நான்' வந்தாத்தான் பாட்டு ஏறும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். மற்ற பாட்டுகளுக்கு அவளே அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறாள், எத்தனையோ தடவை.

"அது என் புருஷன், ஷர்வரி."

ஷர்வரியின் கை தட்டில் நின்றது. "சொல்லியிருக்கலாமேக்கா," என்றாள் மெதுவாக. தட்டைக் கீழே வைத்துவிட்டு, "இப்ப ஒண்ணும் பண்ண முடியாது. நேரலையில போயிடுச்சு. அடுத்த மாசம் நாசிக் கச்சேரியிலயும் இதையே கேப்பாங்க," என்றாள்.

"நாசிக்குக்கு வேற ஆளைப் பாத்துக்கோ."

ஷர்வரி வேறு ஆளைப் பார்த்துக்கொண்டாள். புதிதாக வந்தவர் காலண்டரை வெள்ளி விக்கிரகமாக்கினார், அப்பாவின் வாயில் கடைசியாக விட்டல நாமத்தை வைத்தார். கடைசிச் சொல்லை மட்டும் தொடவில்லை.

நாசிக் கச்சேரியின் வீடியோவைக் குசும் குடும்ப வாட்ஸப்பில் போட்டாள். நலினி அதை ஒரே ஒருமுறை கேட்டாள். அதற்குப் பிறகு அவினாஷின் கட்டிலை நினைத்தாலே அந்தக் கேள்வி ஷர்வரியின் குரலில்தான் கேட்டது. தான் அன்று எந்தக் குரலில் கேட்டோம் என்பது எவ்வளவு முயன்றும் அவளுக்கு நினைவு வரவில்லை.